முதலில் இணைப்பு, பிறகு பிட்ரேட், கடைசியில்தான் தெளிவுத்திறன்

கேள்வி: எங்கள் சமூக மன்றத்தில் நடந்த தமிழ்மொழி விழா நிகழ்ச்சியை 38 நிமிடக் காணொளியாகத் தொகுத்திருக்கிறேன். முதல் 32 நிமிடம் பட்டிமன்றம், கடைசி 6 நிமிடம் பரதநாட்டியம். 1080p-இல் எக்ஸ்போர்ட் செய்தால் நான்கரை ஜிபி வருகிறது. 480p என்று மாற்றினேன், கோப்பு சிறிதாகவே இல்லை. பிட்ரேட்டை 600 கிலோபிட்டுக்குக் குறைத்தபோது நடனம் கட்டம் கட்டமாக உடைந்தது. எங்கள் இணையப் பக்கத்தில் கோப்பை நேரடியாக ஏற்றி, துவாஸ் தங்குவிடுதியில் இருக்கும் உறவினருக்கும் பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் இருக்கும் ஒரு பேச்சாளரின் பெற்றோருக்கும் இணைப்பை அனுப்பினால், வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்கிறார்கள். எந்த அமைப்பில் எக்ஸ்போர்ட் செய்வது?

பதில்:

480p என்று மாற்றியும் கோப்பு ஏன் சிறிதாகவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் மற்றவை தாமாக வரிசைக்கு வரும். ஒரு காணொளிக் கோப்பின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டே: ஒரு வினாடிக்கு எத்தனை பிட் செலவழிக்கிறோம் என்னும் பிட்ரேட்டும், காணொளி எத்தனை வினாடி ஓடுகிறது என்பதும். தெளிவுத்திறனுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. உங்கள் 38 நிமிடம் என்பது 2,280 வினாடி. வினாடிக்கு 16 மெகாபிட் என்று வைத்தால் 36,480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் எட்டால் வகுக்க, 4,560 மெகாபைட். உங்கள் நான்கரை ஜிபி இதுதான். தொகுப்பு மென்பொருளின் முன்னமைவு 16 மெகாபிட்டில் நின்றிருக்க, நீங்கள் தெளிவுத்திறனை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். அது அதே 36,480 மெகாபிட்டைச் சிறிய படத்தின் மீது கொட்டியிருக்கிறது.

ஆகவே தெளிவுத்திறனிலிருந்து தொடங்கும் வழக்கத்தை இந்த வேலைக்குக் கைவிட வேண்டும். பார்ப்பவரின் இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அதிலிருந்து பிட்ரேட் கிடைக்கும், பிட்ரேட்டிலிருந்து கோப்பின் அளவு கிடைக்கும். அந்தப் பிட்ரேட்டுக்குள் எத்தனை பிக்சல்களை நேர்மையாக வரைய முடியும் என்பதைக் கடைசியாகப் பார்த்துத் தெளிவுத்திறனை முடிவு செய்யுங்கள்.

இணைப்பை அளப்பதில் நாம் இங்கே எளிதில் ஏமாந்துபோகிறோம். நம் வீவக வீட்டுக் கண்ணாடியிழை இணைப்பில் நான்கரை ஜிபி கோப்பும் சட்டென்று ஓடும் என்பதால், அங்கே சோதித்துப் பார்த்துத் திருப்தியடைவதில் பொருளில்லை. பார்க்கப்போகிறவர் பார்க்கும் நேரத்தில், அவருடைய கைப்பேசியிலேயே வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் இரவு எட்டரை மணி என்பது நமக்குப் பதினொரு மணி. கிராமத்தில் எல்லாரும் கைப்பேசியும் கையுமாக இருக்கும் நேரம் அது, கோபுரத்தின் மீது சுமை கூடியிருக்கும் நேரமும் அதுவே. தங்குவிடுதியிலும் அப்படித்தான்: பிற்பகலில் காலியாக இருக்கும் வைஃபையை, வேலை முடிந்து திரும்பிய பிறகு ஒரு தளமே பகிர்ந்துகொள்கிறது.

உங்களுடையதைப் போன்ற ஒரு நிகழ்ச்சிப் பதிவுக்காக நான் என் அத்தையிடம் மூன்று இரவுகள் அளந்து சொல்லச் சொன்னேன். 2.1, 1.4, 0.9 மெகாபிட் என்று வந்தன. இவற்றின் சராசரியை எடுத்துக்கொள்ளக்கூடாது, மிகக் குறைந்ததை எடுக்க வேண்டும். ஏனென்றால் காணொளி நின்றுபோவது அந்த மூன்றாவது இரவில்தான். அதிலும் முழு 0.9-ஐச் செலவழித்துவிடக்கூடாது. வேகம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும், அதே கைப்பேசியில் வேறு செயலிகளும் பின்னால் இயங்கும். நான் முக்கால் பங்கைத்தான் கணக்கில் எடுப்பேன். 900 கிலோபிட்டில் முக்கால் பங்கு 675. இதில் ஒலிக்கு 64 கிலோபிட்டை ஒதுக்கினால் படத்துக்கு ஏறத்தாழ 600 மிஞ்சுகிறது. உங்கள் பார்வையாளர்களின் அளவீடு தெரியும்வரை இந்த 600-ஐயே உங்களுக்கும் வைத்துக் கணக்கிடுகிறேன். அளவீடு வேறாக வந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், வழி மாறாது.

ஒலியின் 64 கிலோபிட்டைப் பார்த்துத் தயங்க வேண்டாம். ஒற்றைத்தடமாக, ஏஏசி முறையில், 64 கிலோபிட் என்பது பேச்சுக்குத் தாராளம்; நட்டுவாங்கத் தாளத்தின் கூர்மையான ஓசையும் பெரும்பாலும் கெடாமல் வரும். இரு தடமாக வைத்துக்கொண்டு அதே 64-ஐக் கொடுத்தால்தான் அந்தத் தாள ஓசை சலசலவென்று கரகரக்கும். பட்டிமன்றத்தில் படம் சற்று மங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம். சொல் கேட்காமல் போனால் பார்க்க வேண்டிய காரணமே போய்விடுகிறது. எனவே படத்துக்காக ஒலியை இதற்கும் கீழே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது கோப்பின் அளவு. 600-உம் 64-உம் சேர்ந்து 664 கிலோபிட். 2,280 வினாடிக்கு ஏறத்தாழ 189 மெகாபைட். இது வேகத்திலிருந்து வேறான இன்னொரு தடையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் பலர் வைத்திருக்கும் முன்பணத் திட்டங்கள் நாளொன்றுக்கு 1.5 ஜிபி என்ற அளவில் தரவைத் தருகின்றன. அது தீர்ந்ததும் வேகம் பெயரளவுக்குச் சுருங்கிவிடும். நான்கரை ஜிபி கோப்பு அவர்களுக்கு மூன்று நாள் பங்கு. 189 மெகாபைட் என்பது ஒரு நாள் பங்கில் எட்டில் ஒன்று. இதை நியாயமான அளவு என்று கொள்ளலாம்.

அடுத்து, 600 கிலோபிட்டில் எத்தனை பிக்சல்? இதற்கு ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட் விழுகிறது என்று பார்க்கும் எளிய வகுத்தல் கணக்கு இருக்கிறது. பிட்ரேட்டை, படத்தின் அகலம், உயரம், வினாடிக்கான பிரேம் எண்ணிக்கை ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும்.

```
600000 / (1920 × 1080 × 50) = 0.006
600000 / (1280 × 720 × 25)  = 0.026
600000 / (854 × 480 × 25)   = 0.059
600000 / (640 × 360 × 25)   = 0.104
```

பெரும்பாலான கைப்பேசிகளில் ஓடும் H.264 என்ற காணொளிச் சுருக்க முறைக்கு என் அனுபவத்தில், அசையாமல் நிற்கும் மேடைப் பேச்சுக்கு 0.05 அளவு போதும். உடல் முழுதும் அசையும் நடனத்துக்கு 0.1 அளவாவது வேண்டும். இது கல்லில் பொறித்த விதி அன்று. படம் சிறியதாகும்போது ஒவ்வொரு பிக்சலும் கூடுதல் நுணுக்கத்தைச் சுமக்கிறது. அதனால் பிக்சல் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் தேவைப்படும் பிட்டும் சரிபாதியாகாது, பாதிக்குச் சற்று மேலேயே நிற்கும். ஆனாலும் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிட்டால் நிலைமை தெளிவாகிவிடும். முழு 1080p-இல் 600 கிலோபிட் கொடுப்பது, பதினேழு பேருக்கான சோற்றை ஏறத்தாழ முந்நூறு பேர் பந்தியில் பரிமாறுவதற்குச் சமம். படத்தைச் சுருக்கிக் கோப்பாக்கும் குறியாக்கிக்கு வேறு வழி இல்லாததால் பெரிய பெரிய கட்டங்களை ஒரே நிறமாகப் பூசிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

மேலே முதல் வரியில் 50 என்றும் மற்றவற்றில் 25 என்றும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கேமராவில் 50 பிரேமில் எடுத்திருந்தால், மெதுவான இணைப்புக்கான பிரதியில் 25 ஆக்கிவிடுங்கள். பட்டிமன்றத்தில் யாருக்கும் வேறுபாடு தெரியாது. நடனத்தில் கூர்ந்து பார்ப்பவருக்கு மட்டும் சிறிது தெரியும். கைப்பேசியில் 60-இல் எடுத்திருந்தால் 30-க்கு இறக்குங்கள். 25-க்கு இறக்கினால் பிரேம்கள் சமமாக உதிராமல் அசைவு தத்தித் தத்திப் போகும்.

படம் மென்மையாகத் தெரிவதையும் கட்டம் கட்டமாக உடைவதையும் வேறுபடுத்திப் பார்ப்பது இந்த வேலையில் மிக முக்கியம். 480p படம் ஆறு அங்குலக் கைப்பேசித் திரையில் விரியும்போது ஓரங்கள் சற்றே மென்மையாகும். கண் ஒரு நிமிடத்தில் அதற்குப் பழகிவிடும். கட்டங்களாக உடையும் படத்துக்குக் கண் பழகுவதே இல்லை. அவை ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறி, முகத்தைப் பார்க்கவிடாமல் கவனத்தைத் தங்கள்பால் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஐயம் வரும்போதெல்லாம் தெளிவுத்திறனை ஒரு படி குறைத்துவிட்டுப் பிக்சலுக்கான பிட்டைக் கூட்டுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு ஓர் எல்லை உண்டு, அது தமிழ் எழுத்தினால் வருகிறது. படத்திலேயே பொறித்த தலைப்புகளும் துணையுரையும் 360p-இல் சிதைந்துவிடும். புள்ளி முதலில் மறையும். பிறகு ண, ன, ந மூன்றும் ஒன்றுபோல ஆகும். சுழிகள் அடைபட்டுக் கருமையாகும். ஆங்கில எழுத்து பிழைத்துக்கொள்ளும் அளவில் தமிழ் எழுத்து பிழைப்பதில்லை. பட்டிமன்றத்தில் பேச்சாளர் பெயரும் அணியின் தலைப்பும் திரையில் வருமானால் 480p-க்குக் கீழே போகாதீர்கள். அப்போதும் எழுத்தின் உயரம் படத்தின் உயரத்தில் பதினைந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், தடித்த எழுத்துருவில், அசையாத அடர்நிறப் பட்டையின் மேல் வையுங்கள். அசையாத பட்டைக்குக் குறியாக்கி ஏறக்குறைய எதையும் செலவழிப்பதில்லை. அசையும் படத்தின் மேல் மிதக்கும் எழுத்தோ ஒவ்வொரு பிரேமிலும் புதிதாகச் செலவு வைக்கிறது.

இதுவரை சொன்னவை பட்டிமன்றத்துக்கு முழுமையாகப் பொருந்தும். உங்கள் சிக்கலின் வேர் கடைசி ஆறு நிமிடத்தில் இருக்கிறது. இதே தவற்றை நானே செய்து, அத்தை தொலைபேசியில் சொன்ன பிறகுதான் புரிந்துகொண்டேன் என்பதால் அந்தக் கணக்கை முழுதாகச் சொல்கிறேன்.

என் பதிவிலும் 32 நிமிடம் பேச்சு, 6 நிமிடம் நடனம். தரத்தை மாறாமல் வைத்துக்கொண்டு பிட்டைத் தேவைக்கேற்பச் செலவழிக்கும் முறையில் 480p ஆக எக்ஸ்போர்ட் செய்தேன். பேச்சுப் பகுதிக்குக் குறியாக்கி வினாடிக்கு ஏறத்தாழ 400 கிலோபிட் எடுத்துக்கொண்டது. நடனத்துக்கு 1,800 எடுத்துக்கொண்டது. மொத்தத்தின் சராசரியைப் பார்த்தால் 32-ஐ 400 ஆலும் 6-ஐ 1,800 ஆலும் பெருக்கிக் கூட்டி 38 ஆல் வகுக்க, 621 கிலோபிட்தான். கோப்பின் விவரத்திலும் ஏறத்தாழ அந்த எண்ணே தெரிந்தது. 900 கிலோபிட் இணைப்புக்கு 621 தாராளம் என்று நம்பி அனுப்பிவிட்டேன். பட்டிமன்றம் ஒரு தடங்கலுமின்றி ஓடியது. நடனம் தொடங்கிய சில வினாடிகளில் நின்றது. பிறகு நின்று நின்று ஓடியது. காரணம் எளிது. நடனத்தின் ஒவ்வொரு வினாடியும் 1,800 கிலோபிட். 900 கிலோபிட் குழாயில் அது வந்து சேர இரண்டு வினாடி ஆகும். ஆறு நிமிட நடனம் வந்து சேரப் பன்னிரண்டு நிமிடம். இடைப்பட்ட பற்றாக்குறை ஏறத்தாழ 40 மெகாபைட். பேச்சு ஓடும்போதே, காணொளியை ஓட்டிக் காட்டும் இயக்கி இவ்வளவையும் முன்கூட்டி இறக்கி வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் உலாவிகள் ஓரளவுக்கு மேல் முன்னே போய் இறக்கி வைப்பதில்லை, கைப்பேசியில் இன்னும் சிக்கனமாகவே இறக்கும்.

சராசரி பிட்ரேட்டை மட்டும் இலக்காக வைத்து இரண்டு சுற்றுக் குறியாக்கம் செய்தாலும் இதுவே நடக்கும். முதல் சுற்றில் படத்தை அளந்துவிட்டு, பேச்சில் மிச்சம் பிடித்து நடனத்துக்குக் கொடுப்பதுதான் அந்த முறையின் வேலை. கோப்பின் அளவுக்கு அது நல்லது. மெதுவான இணைப்புக்கு அதுவே பகை. ஆகவே மெதுவான இணைப்புக்கான காணொளியில் நீங்கள் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டியது உச்ச வரம்பு. அதனுடன், அந்த உச்சத்தை எவ்வளவு நேரத்துக்குத் தாண்டலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 600 கிலோபிட் வரம்பும் 1,200 கிலோபிட் தாங்கலும் கொடுத்தால், எந்த இடத்திலும் இரண்டு வினாடித் தரவுக்கு மேல் முன்கடன் வாங்க முடியாது. இயக்கி இரண்டு மூன்று வினாடி முன்னே இறக்கி வைத்திருந்தாலே போதும்.

தொகுப்பு மென்பொருளிலிருந்து முதலில் உயர்ந்த பிட்ரேட்டில் ஒரு மூலப்பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, மெதுவான இணைப்புக்கான பிரதியை அதிலிருந்து ffmpeg என்ற கட்டளைவரிக் கருவி மூலம் இப்படி உருவாக்கலாம்:

```
ffmpeg -i moolam.mov -t 1920 -vf "fps=25,scale=-2:480" \
  -c:v libx264 -preset slow -crf 24 \
  -maxrate 600k -bufsize 1200k -g 125 -pix_fmt yuv420p \
  -c:a aac -b:a 64k -ac 1 -movflags +faststart pattimandram.mp4
```

இங்கே `-crf 24` தரத்தின் அளவைச் சொல்கிறது. எண் கூடினால் தரம் குறையும், ஏறத்தாழ ஆறு எண்ணுக்கு ஒருமுறை பிட்ரேட் பாதியாகும். `-maxrate`, `-bufsize` இரண்டும் மேலே சொன்ன வரம்பும் தாங்கலும். `-g 125` என்பது முந்தைய பிரேம்களைச் சாராத ஒரு முழுப் படம் ஐந்து வினாடிக்குள் வருவதை உறுதி செய்கிறது. இதை இன்னும் அடிக்கடி வைத்தால் குறைந்த பிட்ரேட்டில் முழுப் படங்களே பங்கைத் தின்றுவிடும், மிக அரிதாக வைத்தால் காணொளியை முன்னே தள்ளிப் பார்ப்பவர் காத்திருக்க நேரும். `-pix_fmt yuv420p` இல்லாவிட்டால், தொழில்முறைக் கேமராவின் நிற அமைப்பு அப்படியே தொடர்ந்து சில கைப்பேசிகளில் கறுப்புத் திரையும் ஒலியும் மட்டும் வரக்கூடும். கட்டளைவரி பழக்கமில்லையென்றால் HandBrake போதும்: Constant Quality என்பதில் 24, கூடுதல் அமைப்புகளுக்கான பெட்டியில் `vbv-maxrate=600:vbv-bufsize=1200`, அதனுடன் Web Optimized என்பதில் ஒரு குறி. Premiere Pro-வில் VBR முறையைத் தேர்ந்தால் Target Bitrate, Maximum Bitrate என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். பலர் முதலாவதை மட்டும் குறைத்துவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நின்று நின்று ஓடும் காணொளிகளில் கணிசமானவை அந்த இரண்டாவது பெட்டியிலிருந்து பிறக்கின்றன.

கட்டளையில் `-t 1920` என்று முதல் 32 நிமிடத்தை மட்டும் எடுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். நடனத்தைத் தனிக் கோப்பாக்குங்கள் என்பதே என் பரிந்துரை. காரணம் மேலே உள்ள எண்களிலேயே இருக்கிறது. 480p-இல் 1,800 கேட்ட நடனத்தை 600-இல் அடைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. தர எண் 24-இலிருந்து 33-ஐத் தாண்டிவிடும். நீங்கள் கண்ட உடைந்த கட்டங்கள் அந்த அளவில்தான் பிறக்கின்றன. அதே நடனம் 360p-இல் ஏறத்தாழ 1,150 கேட்கும். 600 கொடுத்தால் பாதி கிடைக்கிறது, தர எண் 30-க்கு அருகே நிற்கும். கைப்பேசியில் அது மென்மையாகத் தெரியும், ஆனால் உடையாது. நடனத்தில் எழுத்து எதுவும் திரையில் வரவேண்டிய தேவை இல்லை என்பதால் 360p-க்கு இறங்குவதில் இழப்பும் இல்லை. ஒரே எம்பி4 கோப்புக்குள் பாதியில் தெளிவுத்திறனை மாற்றுவது பல இயக்கிகளுக்கு ஒத்துவராது. ஆகவேதான் இரண்டு கோப்பு. நடனத்துக்குக் கட்டளையில் `-t 1920`-க்குப் பதிலாக, `-i`-க்கு முன்னால் `-ss 1920` என்று வையுங்கள். 480 இருக்கும் இடத்தில் 360 போடுங்கள். வெளிவரும் கோப்புக்கு வேறு பெயர் கொடுங்கள்.

நடனம் கேட்கும் பிட்டையே குறைக்கவும் ஒரு வழி உண்டு. மன்ற அரங்கில் விளக்கைத் தாழ்த்தி எடுத்த படத்தில், கறுப்புத் திரைச்சீலை மேல் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் ஊர்ந்துகொண்டிருக்கும். நம் கண் அதைப் பொருட்படுத்துவதில்லை. குறியாக்கிக்கோ அது ஒவ்வொரு பிரேமிலும் புதிய அசைவு. ஆடுபவரின் விரல்களுக்குப் போக வேண்டிய பிட் திரைச்சீலைக்குப் போகிறது. `-vf` வரிசையில் பிரேமைக் குறைத்த பின், அளவை மாற்றுவதற்கு முன்னால், `hqdn3d=2:1:3:3` என்று ஒரு மெல்லிய வடிகட்டியைச் சேருங்கள். என் பதிவில் இதுவே வேறெந்த மாற்றத்தையும்விட அதிகம் உதவியது. அளவு மீறினால் முகம் மெழுகுபோல ஆகிவிடும், அபிநயத்தில் புருவ அசைவே அழிந்துவிடும். ஆகவே முகத்தை அண்மையில் காட்டும் ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி திரையில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு இப்போது மருந்தில்லை. அடுத்த ஆண்டு நிகழ்ச்சியின்போது, நடன நேரத்தில் அங்கே அசையாத ஒரு படத்தை வைக்கச் சொல்லி ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடக்கத்திலேயே வட்டம் சுற்றுவதற்குப் பிட்ரேட்டோடு தொடர்பில்லாத இன்னொரு காரணம் இருக்கலாம். எம்பி4 கோப்பில் எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. அது கிடைக்காமல் இயக்கி ஒரு பிரேமைக்கூடக் காட்ட முடியாது. பல மென்பொருள்கள் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு அந்த அட்டவணையைக் கோப்பின் இறுதியில் வைக்கின்றன. சேவையகம் கோப்பின் நடுவிலிருந்து துண்டுதுண்டாகக் கொடுக்க அனுமதித்தால் இயக்கி கடைசிக்குத் தாவி அதை எடுத்துவரும். அனுமதிக்காவிட்டால் முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். `+faststart` என்பதும் Web Optimized என்பதும் அந்த அட்டவணையை முன்னால் கொண்டுவந்து வைக்கின்றன. படத்தின் தரத்தில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு நோய்களையும் பிரித்தறிவது எளிது. முதல் பிரேமே வராமல் நெடுநேரம் சுற்றிவிட்டு, தொடங்கிய பிறகு தடையின்றி ஓடினால் குறை அட்டவணையில் இருக்கிறது. உடனே தொடங்கி, அசைவு மிகுந்த இடங்களில் மட்டும் நின்றால் குறை உச்ச வரம்பில் இருக்கிறது. பேச்சிலும் நடனத்திலும் ஒரே மாதிரி நின்றால் இணைப்பைவிடப் பிட்ரேட் மொத்தமாகவே அதிகம்.

H.265 முறையில் அதே தரம் இன்னும் கணிசமாகக் குறைந்த பிட்டில் கிடைக்குமே என்று யாராவது சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் மெதுவான இணைப்பில் இருப்பவர் பெரும்பாலும் பழைய கைப்பேசியிலும் இருப்பார். அந்தக் கைப்பேசியின் வன்பொருளில் அதற்கான வசதி இல்லாவிட்டால் படம் திணறும், சூடேறும், அல்லது உலாவி திறக்கவே மறுக்கும். யார் எந்தக் கைப்பேசியில் பார்ப்பார் என்று தெரியாத பொது இணைப்புக்கு H.264-ஐ விட்டு நகர வேண்டாம்.

எக்ஸ்போர்ட் முடிந்ததும் முழு 38 நிமிடத்தையும் உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை. கணினியில் Chrome உலாவியின் DevTools-இல் Network பகுதிக்குப் போய், பதிவிறக்க வேகத்தை 900 கிலோபிட் என்று கட்டுப்படுத்தி, இணையப் பக்கத்தில் ஏற்றிய கோப்பையே திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள்: தொடங்கும் முதல் பத்து வினாடி, அணிகளின் பெயர்ப்பட்டை வரும் இடம், நடனத்தில் ஜதி மிக விரைவாகப் போகும் நிமிடம். கணினித் திரையில் முழு அகலத்துக்கு விரித்துப் பார்த்து மனம் தளர வேண்டாம். உலாவிச் சாளரத்தைக் கையகல அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், அல்லது கைப்பேசியிலேயே பாருங்கள். நடனம் இன்னமும் உடைந்தால் பிட்ரேட்டை ஏற்றாதீர்கள். முதலில் இரைச்சலைக் குறையுங்கள், பிறகு அகலத்தை 640-இலிருந்து 512-க்கு இறக்கிப் பாருங்கள்.

இந்தக் கணக்கின்படி பேச்சுப் பகுதி சராசரியாக 400 கிலோபிட் அளவிலும் நடனம் 600 அளவிலும் நின்றால், ஒலியையும் சேர்த்துப் பட்டிமன்றக் கோப்பு ஏறத்தாழ 111 மெகாபைட், நடனக் கோப்பு ஏறத்தாழ 30 மெகாபைட். நான் முன்னர் கணக்கிட்ட 189-ஐவிட இது குறைவு; வரம்பு என்பது உச்சத்துக்குத்தானே தவிர, பேச்சு நடக்கும்போது குறியாக்கி அதை நிரப்ப வேண்டியதில்லை. நல்ல இணைப்பில் இருப்பவர்களுக்காக 720p-இல் 1,500 கிலோபிட் வரம்பு வைத்து முழு நிகழ்ச்சியையும் தனியாக ஒரு பிரதி எடுத்து, பக்கத்தில் இரண்டாவது இணைப்பாகக் கொடுங்கள். எது எதற்கு என்று தமிழிலேயே எழுதி, மெதுவான இணைப்புக்கானதை மேலே வையுங்கள்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. யூடியூப் போன்ற தளத்தில் ஏற்றுவதாக இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அந்தத் தளம் நீங்கள் கொடுப்பதைத் தானே பல அளவுகளில் மறுபடி குறியாக்கம் செய்து, பார்ப்பவரின் இணைப்புக்கேற்ப மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. அதற்கு 600 கிலோபிட் பிரதியைக் கொடுத்தால் ஏற்கெனவே நசுங்கிய படத்தை இன்னொரு முறை நசுக்கியதாகும். அங்கே உங்கள் 16 மெகாபிட் மூலப்பிரதியை அப்படியே ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினாலும் அது தன் கணக்குப்படி மறுபடி சுருக்கும். அந்த 30 மெகாபைட் நடனக் கோப்பைப் பேச்சாளரின் பெற்றோருக்கு நேரடியாக அனுப்ப விரும்பினால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அது மாறாமல் போய்ச் சேரும். முழுதாக இறங்கிய பிறகே திறக்கும் என்பதால், ஒருமுறை காத்திருந்து இறக்கிவிட்டால் இணைப்பு இல்லாத நேரத்திலும் அவர்கள் பார்க்கலாம்.